‘கேட்டுட்டுத்தான் வருவேன்’: சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மூன்று நிமிட வீடியோ செய்வது எப்படி

நர்சரி வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் முதன்முதலில் எடுத்த பாதுகாப்பு வீடியோ ஒரு படுதோல்வி. தெரியாதவர் கூப்பிட்டால் போகக் கூடாது என்பதுதான் விஷயம். பள்ளி வாட்ச்மேன் அண்ணனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையில் சாக்லேட் கொடுத்து, ‘பாப்பா, இங்க வா’ என்று சொல்ல வைத்துப் படம் பிடித்தோம். திகில் இசை வேறு சேர்த்தேன். பிள்ளைகள் கண்ணை அகல விரித்துப் பார்த்தார்கள், எனக்கு ஏகப் பெருமை. மறுநாள் காலையில் வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்தபோது நாலு பிள்ளைகள் அழுதுகொண்டே அம்மாவின் பின்னால் ஒளிந்தார்கள். பாவம், அவர் ஒரு வாரம் கேட்டுக்கே வரவில்லை.

அதைவிட மோசமானது அடுத்த வாரம் நடந்தது. யாரோ ஒரு பிள்ளையின் சித்தி, நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராதவர், வாசலில் நின்று ‘வாடா தங்கம்’ என்றதும் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். அவன் அவருடைய பிள்ளையே இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரனின் சித்தி அவர். அவனிடம் கேட்டேன். ‘அந்த ஆன்ட்டி கண்ணாடி போடலையே மிஸ்’ என்றான்.

தப்பு அவன் மேல் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது ஓர் ஆளின் தோற்றத்தை, அவன் அதைச் சரியாகத்தான் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் வேறு மாதிரி ஒரு வீடியோ செய்தேன். அதைச் செய்த விதம்தான் இந்தக் கட்டுரை. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானது. போன் ஒன்று, சார்ட் பேப்பர், கத்தரிக்கோல், பசை, இரண்டு சாயங்கால நேரம், இவ்வளவு இருந்தால் நீங்களும் செய்யலாம்.

முதலில் விதி

கேமராவைக் கையில் எடுக்கும் முன்பு ஒரே ஒரு வாக்கியத்தை முடிவு செய்ய வேண்டும். பாதி வேலை இதுதான். அவசரப்படாதீர்கள்.

‘தெரியாதவங்ககிட்டப் பேசாதே’ என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. நம் ஊரில் இது நிற்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ‘மாமாவுக்கு வணக்கம் சொல்லு’ என்கிறோம். கல்யாண வீட்டில் முன்பின் பார்க்காத பாட்டியின் மடியில் பிள்ளையை உட்கார வைக்கிறோம். கடைக்காரர் மாமா, ஆட்டோக்காரர் அண்ணா, பூ விற்பவர் அக்கா. பார்க்கிற எல்லோருக்கும் உறவுமுறை வைத்துக் கூப்பிடப் பழக்கிவிட்டு, இவர்களில் யார் தெரியாதவர் என்று நாலு வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? பிள்ளையின் கணக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் தெரிந்தவர், சிரித்தவர் நல்லவர். பேரோ புத்தகப்பையிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ‘அந்நியர்’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது பிள்ளைகள் காதில் விழாத சொல்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களில் சம்பந்தப்பட்டவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்றுதான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் வருடா வருடம் சொல்கின்றன. ஆக, தெரியாதவரை மட்டும் குறிவைக்கிற விதி பெரிய வாசலைத் திறந்து போட்டுவிட்டுச் சின்ன ஜன்னலைப் பூட்டுவது மாதிரி.

அதனால் ஆளை விட்டுவிட்டுச் செயலைப் பிடிக்க வேண்டும். கூப்பிடுவது யாராக இருந்தாலும் சரி, எங்கே கூப்பிட்டாலும் சரி, பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான்: இப்போது தன்னைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய்க் கேட்பது. அதை வகுப்பில் இப்படி வைத்தேன்: ‘கேட்டுட்டுத்தான் வருவேன்!’

முதலில் ‘சொல்லிட்டுத்தான் வருவேன்’ என்று எழுதியிருந்தேன். பயிற்சியில் ஒரு பெண் குழந்தை வகுப்பு வாசலில் நின்றபடியே ‘மிஸ், போறேன்’ என்று கத்திவிட்டு ஓடினாள். விதிப்படி சரிதானே, சொல்லிவிட்டாள்! சொல்வதற்குப் பதில் தேவையில்லை, கேட்டால்தான் பதில் வரும்வரை நிற்க வேண்டும். அந்த ஒரு சொல்லை மாற்றினதும் பிள்ளைகள் நிற்க ஆரம்பித்தார்கள். உங்கள் வட்டாரப் பேச்சில் ‘கேட்டுக்கிட்டுத்தான்’, ‘கேட்டுட்டுத்தேன்’ என்று எப்படிச் சொல்வார்களோ அப்படியே வையுங்கள். பிள்ளை வாயில் வராத எழுத்துத்தமிழ் வேண்டாம். ‘போகாதே’, ‘வாங்காதே’ என்று முடிகிற விதியும் வேண்டாம். என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னால், கூப்பிடுகிறவர் எதிரே நிற்கும் அந்த நொடியில் பிள்ளை என்னதான் செய்யும்? கால் நகர ஒரு திசை வேண்டும்.

கதை

விதி ஒன்று என்றால் கதையில் அது மூன்று தடவை வர வேண்டும். மூன்று தடவையும் கூப்பிடுகிற விதம் மாற வேண்டும். 1981ல் அமெரிக்காவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தற்காப்பு கற்றுக்கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கூப்பிடும் விதங்களை மூன்றாகப் பிரித்தார்கள். சும்மா ‘வா, போகலாம்’ என்பது ஒன்று. ‘உங்க டீச்சர் சரின்னு சொல்லிட்டாங்க’ என்று பெரியவர் பேரைச் சொல்வது இன்னொன்று. ‘உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்’ என்று ஆசை காட்டுவது மூன்றாவது. நம் வீடுகளில் சாக்லேட்டைப் பற்றி மட்டும்தான் எச்சரிக்கிறோம். ‘அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க’ என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னபடி கேட்கிற பிள்ளைதான் அதில் முதலில் விழும்.

நான் எழுதிய கதை கீழே. அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பேரையும் இடத்தையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். குரல் ஒரு பாட்டியுடையது. ‘நிறுத்து’ என்று போட்டிருக்கும் இடங்களில் நாலு விநாடி மௌனம். பார்க்கிற பிள்ளை பதில் சொல்வதற்கான இடம் அது.

‘இது கயல். கயலுக்கு அஞ்சு வயசு. இன்னிக்குச் சாயங்காலம் கயலைப் பாத்துக்கிறது யாரு? தாத்தா! தாத்தா திண்ணையில பேப்பர் படிக்கிறார். கயல் வாசல்ல புளியங்கொட்டை அடுக்குறா. ஒண்ணு, ரெண்டு, மூணு.

‘ஒரு அத்தை வந்தாங்க. பச்சைப் புடவை. சிரிச்ச முகம். “கயல், எங்க வீட்டுல நாய்க்குட்டி இருக்கு. பாக்க வரியா?” கயலுக்கு நாய்க்குட்டின்னா ரொம்பப் பிடிக்கும். கயல் என்ன சொல்லுவா? (நிறுத்து.) “கேட்டுட்டுத்தான் வருவேன்!” தாத்தாகிட்ட ஓடினா. தாத்தா சொன்னார், “இப்ப வேணாம்டா கண்ணு.” சரின்னுட்டு கயல் திரும்பவும் புளியங்கொட்டை அடுக்கினா. நாலு, அஞ்சு, ஆறு.

‘எதிர்வீட்டு மாமா வந்தார். கயலுக்கு அவரை நல்லாத் தெரியும். “கயல், கடை வரைக்கும் போறேன், வரியா?” கயல் என்ன சொல்லுவா? (நிறுத்து.) “கேட்டுட்டுத்தான் வருவேன்!” தாத்தா சொன்னார், “சரி, இரு, நானும் வரேன்.” மூணு பேருமா கடைக்குப் போய் வெல்லம் வாங்கிட்டு வந்தாங்க.

‘தாத்தாவுக்குத் தூக்கம் வந்துடுச்சு. பேப்பரை மூஞ்சி மேல போட்டுட்டுத் தூங்கிட்டார். கொர்ர்ர். அப்ப ஒரு அண்ணா வந்தார். “கயல், உங்க அம்மாதான் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வா, போலாம்.” அம்மா சொன்னாங்களாமே! இப்பவும் கேக்கணுமா? (நிறுத்து.) “கேட்டுட்டுத்தான் வருவேன்!” ஆனா தாத்தா தூங்குறாரே, எழுப்பலாமா? (நிறுத்து.) எழுப்பலாம்! “தாத்தா! தாத்தா!” தாத்தா கண்ணாடியைத் தேடி எடுத்தார். அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா சொன்னாங்க, “நான் யாரையும் அனுப்பலை. நானே வரேன்.”

‘அம்மா வந்தாங்க. கயல் புளியங்கொட்டையை எண்ணிக் காட்டினா. ஏழு, எட்டு, ஒம்பது, பத்து.’

இவ்வளவுதான். அந்த அண்ணா யார், அப்புறம் எங்கே போனார் என்று கதை சொல்வதில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அவர் நிஜமாகவே கெட்டவரா, இல்லை வேறொரு கயலின் அம்மா சொன்னதை வைத்துக் குழம்பினாரா என்பது பிள்ளைக்குத் தேவையில்லாத கேள்வி. கெட்டவர் என்று காட்டிவிட்டால் பிள்ளை அவர் சட்டை நிறத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வாட்ச்மேன் அண்ணனின் கறுப்புக் கண்ணாடி மாதிரி.

எதிர்வீட்டு மாமா காட்சியை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பெற்றோர் கேட்டார்கள். மற்ற இரண்டையும்விட அதுதான் முக்கியம். அது இருந்தால்தான் விதி தெரிந்தவருக்கும் பொருந்தும் என்று பிள்ளைக்குப் புரியும். கேட்டால் எப்போதும் ‘வேண்டாம்’தான் வரும் என்றிருந்தால் பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடும். கேட்டதால் வெல்லமும் கிடைக்கும் என்று ஒரு தடவையாவது தெரிய வேண்டும்.

தூங்குகிற தாத்தா எப்படி வந்தார் என்றால், ஒரு பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்து. ‘ஆயா தூங்கும்போது எழுப்பினா அடிக்கும் மிஸ், அப்ப யாருகிட்ட கேக்குறது?’ நம் வீடுகளில் பெரியவர்கள் மத்தியானம் தூங்கும்போது சத்தம் போட்டால் திட்டு விழும். பிள்ளைக்கு அந்தப் பயம் பெரிது. ‘இதுக்காக எழுப்பலாம்’ என்று பாட்டி குரலிலேயே அனுமதி கொடுத்துவிட்டால் அந்த முடிச்சு அவிழும். எழுப்பியும் எழவில்லை, வீட்டில் யாரும் இல்லை என்றால்? கேட்க ஆள் இல்லையென்றால் போகக் கூடாது, அவ்வளவுதான். அதை வீடியோவில் சேர்க்காமல் பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் நாலாவது சங்கதி தாங்காது.

மனிதர்களை நடிக்க வைக்காதீர்கள்

இரண்டாவது வீடியோவை நான் அட்டைப் படங்களை வைத்துச் செய்ததற்கு வாட்ச்மேன் அண்ணன் மட்டும் காரணமில்லை.

2018ல் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது பலருக்கு ஞாபகம் இருக்கும். தெருவில் விளையாடும் பிள்ளைகள், பைக்கில் வரும் இருவர், ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் ஊருக்கு வந்துவிட்டது என்று அதன் கூடவே செய்தியும் வந்தது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக நடித்து எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிடும், கையில் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த வருடம் பிள்ளை பிடிப்பவர் வதந்தியால் நாட்டின் பல இடங்களில் கூட்டம் சேர்ந்து ஆட்களை அடித்துக் கொன்றது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்து மூதாட்டி ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகச் சந்தேகப்பட்டு அடிபட்டே செத்துப்போனார்.

அதனால் பாதுகாப்பு வீடியோ எடுக்கிறவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். உங்கள் வீடியோவில் எந்தப் பத்து விநாடியை வெட்டி எடுத்தாலும் அது நிஜக் கடத்தல் மாதிரித் தெரியக் கூடாது. அட்டைப் படம் என்றால் அந்தக் கவலையே இல்லை. பிள்ளையின் முகமும் இணையத்துக்குப் போகாது, யூனிஃபார்ம் மூலம் பள்ளியும் தெரியாது.

படம் வரையும்போது கூப்பிடுகிற மூன்று பேருக்கும் ஒரே மாதிரி சிரித்த முகம் வரையுங்கள். ஒருவருக்கு மட்டும் தாடி, அழுக்கு லுங்கி, தோளில் மூட்டை என்று போட்டுவிட்டால், பழைய துணி வாங்க வருகிறவரையும் வெளிமாநிலத் தொழிலாளியையும் பார்த்துப் பிள்ளை பயப்படும். மேலே சொன்ன கூட்டமும் அப்படிப்பட்ட பயத்தில் வளர்ந்ததுதான்.

செய்முறை

முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள், படம் அப்புறம். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

குரல் கொடுக்க நிஜப் பாட்டி கிடைத்தால் விடாதீர்கள். எங்களுக்குச் சத்துணவு சமைக்கும் அம்மா கிடைத்தார். தாளைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் செய்தி வாசிப்பது மாதிரி வந்தது. தாளை வாங்கிக்கொண்டு, எதிரே ஒரு பிள்ளையை உட்கார வைத்து, ‘இவளுக்குச் சொல்லுங்க’ என்றோம். அப்போதுதான் குரல் வந்தது. போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள், ‘ப’கரம் வரும்போது மூச்சு மோதாது. ஃபேனை நிறுத்துங்கள். வெறும் சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும். கொடியில் துணி தொங்கும் அறை, மெத்தை போட்ட அறை நன்றாக வரும். போனை ஏரோப்ளேன் மோடில் போட மறந்து, பாதியில் அழைப்பு வந்து, நல்ல டேக் ஒன்று போனது எனக்கு.

இசை வேண்டாம். திகில் இசையை மட்டும் சொல்லவில்லை, எந்த இசையுமே. மௌனம் வருகிற நாலு விநாடியில் இசை ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளை பதில் சொல்லாது, இசையைக் கேட்கும். தாத்தாவின் குறட்டையும் புளியங்கொட்டை தரையில் உருளும் சத்தமும் போதும். இரண்டையும் தனியாகப் பதிவு செய்து சேர்த்தோம்.

படங்களுக்கு ஒரு முழு சார்ட் வீடும் திண்ணையுமாகப் பின்னணி. தாத்தா, கயல், அத்தை, மாமா, அண்ணா, அம்மா ஆறு பேரையும் தனித்தனியாக வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கயல் மட்டும் இரண்டு: உட்கார்ந்தபடி ஒன்று, ஓடுவது மாதிரி ஒன்று. பின்னணியை மேஜைமேல் விரித்து, இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவே இடைவெளி விட்டுக் குறுக்கே போனை வையுங்கள், கேமரா கீழே பார்க்கிற மாதிரி. பகல் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். மேலே ட்யூப்லைட் எரிந்தால் போனின் நிழல் தாத்தா முகத்தில் விழும். இனி ஆட்களை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுக்க வேண்டியதுதான். இந்தக் கதைக்குப் பதினாறு படங்கள் ஆயின. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாவிட்டால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும்.

போனில் கிடைக்கும் ஏதாவது ஓர் எடிட்டிங் ஆப்பில் குரலைப் போட்டு, அதன்மேல் படங்களை அடுக்குங்கள். கேள்வி வரும் இடத்தில் கயலின் முகம் மட்டும் பெரிதாக, பிள்ளையைப் பார்க்கிற மாதிரி நிற்கட்டும். அந்தப் படம் மூன்று தடவையும் ஒரே படமாக இருக்க வேண்டும். இரண்டாவது தடவை அந்த முகம் வந்ததுமே, பாட்டி கேட்கும் முன்பே, பிள்ளைகள் கத்த ஆரம்பிப்பார்கள். நீளம் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் கதையில் எதையாவது வெட்டுங்கள், மௌனத்தை வெட்டாதீர்கள்.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால், பார்வையாளர் யார் என்று கேட்கும் இடத்தில் “Yes, it's made for kids” என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருத்துப் பகுதி தானாகவே மூடிவிடும், நமக்கும் அதுதான் வேண்டும். கடைசியில் பெரியவர்களுக்காக ஐந்து விநாடி ஓர் அட்டை: ‘குழந்தைகள் உதவி எண் 1098’. இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம்.

காட்டினால் மட்டும் போதாது

வீடியோ முடிந்ததும் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால், உழைத்ததில் பாதி வீண். 1988ல் அமெரிக்காவில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பரிசோதித்தார்கள். வீடியோ மட்டும் பார்த்தவர்களைவிட, வீடியோ பார்த்ததோடு அதை நடித்தும் பழகிய பிள்ளைகளே நிஜச் சூழ்நிலையில் அதிகம் பேர் சரியாக நடந்துகொண்டார்கள். வழக்கமான அறிவுரை வகுப்பு மட்டும் கேட்ட பிள்ளைகளுக்கு அதனால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை.

அதனால் முதல் நாள் முழுதும் ஒரு தடவை ஓட விடுங்கள். இரண்டாவது தடவை கயல் முகம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பிள்ளையை எழுப்பி, ‘இப்ப உன்னைப் பாத்துக்கிறது யாரு?’ என்று கேளுங்கள். வகுப்பில் என்றால் மிஸ், வீட்டில் என்றால் அந்த நேரத்துக்கு யாரோ அவர். நீங்கள் அத்தையாக நடித்து, ‘நாய்க்குட்டி பாக்க வரியா?’ என்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். பிள்ளை வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், திரும்பி நடக்க வேண்டும், பார்த்துக்கொள்கிறவரிடம் போய்க் கேட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விதி. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தொடர்ந்து மூன்று நாள், அப்புறம் வாரம் ஒருமுறை.

பெரும்பாலும் தவறுவது இரண்டாவது பகுதியில்தான். வாய் ‘கேட்டுட்டுத்தான் வருவேன்’ என்கிறது, கை அத்தையின் கையைப் பிடித்தாகிவிட்டது. பாட்டு மாதிரி ஒப்பித்துக்கொண்டே கூடவே நடக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு பாதை போட்டுக்கொடுத்தேன், அத்தையிலிருந்து மிஸ் நாற்காலி வரை. நாலைந்து தடவை அந்தக் கோட்டில் நடந்த பிறகு கோட்டை அழித்துவிட்டேன்.

பிள்ளை சரியாகப் பிடித்துக்கொண்டதா என்று தெரிய, கதையில் இல்லாததைக் கேட்டுப் பாருங்கள். ‘நாய்க்குட்டி இல்லாம ஐஸ்கிரீம்னா?’ ‘மூணாங் கிளாஸ் அண்ணா கூப்பிட்டா?’ ‘போன வருஷ மிஸ் கூப்பிட்டா?’ எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தால் விதி இறங்கிவிட்டது. ‘மிஸ்னா போலாம்’ என்று வந்தால் எதிர்வீட்டு மாமா காட்சியை மறுபடி நடியுங்கள். ‘பச்சைப் புடவை அத்தை கெட்டவங்க’ என்று ஒரு பிள்ளை சொன்னால் உங்கள் படத்திலோ குரலிலோ எங்கோ பயம் ஒட்டியிருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் வேறு தொனியில் திரும்பப் பேச வையுங்கள். ராத்திரி தனியாகப் படுக்க மறுப்பது, பழகின ஆளைக் கண்டு ஒளிவது இதெல்லாம் தெரிந்தால் வீடியோவை நிறுத்திவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உண்மையிலேயே ஒரு வெளி ஆளை அனுப்பிப் பிள்ளையைக் கூப்பிட வைத்து, மறைந்திருந்து படம் பிடிக்கும் ‘சோதனை’ வீடியோக்கள் நிறைய வருகின்றன. தவறிப்போன பிள்ளைக்கு அவமானம், நம்பின பெரியவர்களே ஏமாற்றினார்கள் என்ற கோபம். அந்த வெளி ஆளைத் தெருவில் யாராவது தப்பாக நினைத்தால் என்ன ஆகும் என்பதை மேலேயே பார்த்தோம்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது

பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்வது இரண்டே விஷயம். முதலாவது, பிள்ளையை யாரிடம் விட்டுப் போனாலும் அவர் முன்னாலேயே ‘இப்ப உன்னைப் பாத்துக்கிறது சித்தப்பா’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விசேஷ வீட்டில் பத்துப் பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் ஒருவருமே பார்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பிள்ளைக்கு யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

இரண்டாவது, பிள்ளை வந்து கேட்கும்போது விரட்டாதீர்கள். ஓர் அம்மா சொன்னார்: அடுப்பில் தாளித்துக்கொண்டிருக்கும்போது மகன் வந்து, ‘மாடி வீட்டு அக்கா பொம்மை காட்டக் கூப்பிடுறாங்க, போகட்டுமா?’ என்று கேட்டிருக்கிறான். ‘தொணதொணக்காதே, போ’ என்று விட்டார். ‘போ’ என்றால் மாடிக்குப் போவதா, அடுப்படியை விட்டுப் போவதா? அவன் மாடிக்குப் போய்விட்டான். அடுத்த தடவை அவன் கேட்கவே இல்லை. கேட்டதற்கு ‘கேட்டது நல்லது’ என்று ஒரு வார்த்தை, அப்புறம் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’. பதில் எதுவாக இருந்தாலும் அந்த முதல் வார்த்தை வர வேண்டும்.

இந்த விதிக்கு எட்டாத இடமும் உண்டு. பார்த்துக்கொள்கிறவரே தவறு செய்தால் ‘கேட்டுட்டுத்தான் வருவேன்’ ஒன்றும் செய்யாது. உடம்பைத் தொடுவது பற்றியும், ரகசியம் காக்கச் சொல்வது பற்றியும் தனியாக, வேறொரு நாள், வேறொரு கதையில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வீடியோவில் அடைக்க நான் ஒருமுறை முயன்றேன். பார்த்து முடித்த பிள்ளையிடம் ‘என்ன ஞாபகம் இருக்கு?’ என்று கேட்டதற்கு, ‘தாத்தா கொர்ர்ர்’ என்றது.

எங்கள் வகுப்பில் இப்போது வாசலில் யார் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பிள்ளைகள் முதலில் என் பக்கம்தான் திரும்புகிறார்கள். போன வாரம் தலைமையாசிரியை ஒரு பிள்ளையை ஆபீசுக்குக் கூட்டிப்போக வந்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, ‘கேட்டுட்டுத்தான் வருவேன்’ என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்கு நடந்து வந்தாள். தலைமையாசிரியை வாசலிலேயே காத்திருந்தார்.